இருவரில் எவரேனும்

காலை எட்டு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பல்.

குழாயடியின் சிமெண்டுத் தளத்தில், பிளாஸ்டிக் குடங்கள் வரிசை வைத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி அது கிடந்தது. மேல்வரிசை முன்பல். வேரோடு வந்திருந்தது. பக்கத்தில் சிந்தியிருந்த ரத்தத்தை யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டிருந்தார்கள். தண்ணீர் பல்லைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

பூனாவின் ஏரவாடாவில் அந்த வளாகத்தின் மாடி அறையில் நான் பதினோரு ஆண்டுகள் குடியிருந்தேன். ஆங்கில நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியர் வேலை. மாலை ஐந்துக்குப் போனால் நள்ளிரவு தாண்டித் திரும்புவேன். ஆகவே காலையில் வீட்டிலிருக்கும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே பெண் நான். கீழ் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் திருவண்ணாமலைப் பக்கம். எல்லோருக்கும் நான் 'பேப்பர்க்கார அக்கா'.

பல்லுக்கு உரியவள் கீழே மூன்றாவது அறைக்காரி. முப்பத்திரண்டு வயது. மகர்பட்டாவில் ஒரு கணினி நிறுவனக் கட்டடத்தில் துப்புரவு வேலை. ஒன்பது மணிக்கு அவள் மாடிப்படி ஏறி வந்தாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டுப் பேசியபோது சொற்கள் காற்றோடு வந்தன.

"அக்கா, இன்னிக்கி என்னோட பேங்குக்கு வர்றியா?"

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"பல்லு போயிடுச்சி. போனது திரும்பி வருமா? பைசா வந்திருக்குக்கா. அது போறதுக்குள்ள அனுப்பணும்."

இடுப்பிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினாள். முந்தின நாள் தேதியில் ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வரவு. ஒப்பந்தக்காரர் மாறியதால் ஏழாண்டுப் பணிக்கான வருங்கால வைப்பு நிதியைக் கணக்கு முடித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை கணவனிடம் இருந்தது. மாதம் ஏழாம் தேதி அவன் சம்பளத்தை எடுத்துக்கொள்வான். அன்றைக்குத் தேதி மூன்று.

"நாலு நாள் இருக்கே."

"நடுவுல ஒரு நாள் சும்மாவாவது அட்டைய சொருகிப் பார்ப்பான். அவனுக்குத் தூக்கம் வரலன்னா அதான் வேலை."

அவன் அவளுக்குத் தாய்மாமன். அம்மாவின் கடைசித் தம்பி. பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து 'மாமா' என்று கூப்பிட்டவனை அதற்குப் பிறகும் 'மாமா' என்றே கூப்பிட்டாள். குழந்தை இல்லை. லாரி உதிரிபாகக் கிடங்கில் அவன் சுமை ஏற்றும் வேலை பார்த்தான். குடிக்க மாட்டான். இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளாகத்தில் எல்லோரும் இதைத்தான் அவனுக்கு நற்சான்றாகச் சொன்னார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் அவளுக்கு இரண்டு முறை விரல் முறிந்தது. ஒரு முறை முதுகில் வெந்நீர். ஒரு முறை காது. அந்தக் காலைக்குக் காரணம் தேநீரில் சர்க்கரை குறைவு. கைமுட்டியால் ஒரே குத்து. குத்திவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

பணத்தை ரொக்கமாக எடுக்கலாம் என்றேன். அவள் சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்தினாள். போன வருடம் நாலாயிரம் சேர்த்து அரிசி டின்னின் அடியில் வைத்திருந்தாள். அவன் அரிசியைத் தரையில் கொட்டி எடுத்தான். அதற்குப் பிறகு ஜாக்கெட்டுக்குள்ளும் பார்ப்பான்.

"பைசா மொதல்ல ஊருக்குப் போயிடணும். சாயங்கால வண்டியில நான் போயிடறேன். வெறுங்கையோட போனா ஒரு மாசத்துல அம்மாவே திருப்பி அனுப்பிடும். பைசா இருந்தா அனுப்பாது. டவுன்ல ஒரு ரூம் எடுத்து தையல் மிஷின் போடுவேன்."

திட்டம் அவ்வளவுதான். அந்த ஐம்பத்தெட்டாயிரம் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் பூனாவுக்கு வந்தபோது வளாகத்துக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்தது மணியார்டர் படிவங்கள். பெயர், தகப்பன் பெயர், தெரு, அஞ்சல் நிலையம். தபால்காரருக்கு ஆளைத் தெரியும். கதவு எண் தப்பாக இருந்தாலும் பணம் சரியான கைக்குப் போகும். பிறகு வரைவோலை. இரண்டாயிரத்து ஐந்தாறுக்குப் பிறகு வங்கியிலிருந்து வங்கிக்கு நேராக அனுப்பும் படிவம் வந்தது. அதில் ஆளுக்கு வேலை இல்லை, எண்ணுக்குத்தான். வளாகத்துக்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. காசோலையின் அடியில் காந்த மையில் அச்சிட்டிருக்கும் ஒன்பது இலக்கத்தைக் குறித்துவந்து இதுதான் குறியீடு என்பார்கள். அது காசோலையைப் பிரித்தனுப்பும் எண். முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. பணம் அனுப்ப வேண்டிய குறியீடு வேறு. அதற்குப் பதினோரு இடங்கள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறும் கிளை. பாஸ்புக்கில் கிளை எண் நாலு இலக்கமாக இருந்தால் அதன் முன்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்து ஆறாக்க வேண்டும். ஆக மூன்று பூஜ்யங்கள் அடுத்தடுத்து வரும். அதில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் பலர் கவுண்டரிலிருந்து திரும்பி வருவார்கள்.

அவளுடைய அக்கா ஊரில் அங்கன்வாடி ஊழியர். அவருக்குக் கணக்கு இருந்தது கூட்டுறவுச் சங்கத்தில். அங்கே இந்தப் பணம் போகாது. குடும்பத்தில் குறியீடு உள்ள வங்கியில் கணக்கு வைத்திருந்தது அம்மா மட்டும். ஒன்பதே காலுக்கு என் கைப்பேசியில் அக்காவைக் கூப்பிட்டோம்.

"புக்கு கையில இருக்குங்க மேடம். சொல்லட்டுமா?"

"முதல் அட்டையைத் திறந்து உள்பக்கம் பாருங்க. கிளை எண்ணு இருக்கா?"

"கீது. நாலு நம்பரு." படித்தார். நான் எழுதினேன். திரும்பப் படித்தேன். செய்தி அறையில் தொலைபேசியில் எதை எடுத்தாலும் திரும்பப் படிக்க வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படுவது.

"இப்ப கணக்கு எண். மூணு மூணா சொல்லுங்க."

பதினைந்து இலக்கம். மூன்று மூன்றாகச் சொன்னார். நான் திரும்பச் சொன்னேன். பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு அவரைப் படிக்கச் சொன்னேன். நேராகப் படிக்கும்போது வாய் பழக்கத்தில் ஓடிவிடும். பின்னாலிருந்து படித்தால் ஒவ்வொரு இலக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

"இன்னா மேடம், பள்ளிக்கூடப் பரீட்ச மாதிரி கேக்கிறீங்க" என்று சிரித்தார். ஆனால் படித்தார். பொருந்தியது.

"பேரு?"

"அம்மா பேருதாங்க." எழுத்தெழுத்தாகச் சொன்னார். "அதுக்குக் கீழ மோடுன்னு போட்டு, ஈ, ஓ ஆர், எஸ்ஸுன்னு கீது. அதையும் எழுதணுமா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

"வேண்டாம்" என்றேன்.

தங்கை கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "யக்கா, அம்மா கைல சொல்லாத. நான் வந்து சொல்றேன். அம்மா வாய்லேந்து மாமாவுக்குப் போயிடும்."

"உன் வாய்க்கு இன்னா ஆச்சிடி, கொழகொழன்னு பேசறே?"

"வெத்தல போட்டுகினு கீறேன்."

பத்தரைக்கு அவள் சம்பளக் கணக்கு இருந்த கிளைக்குப் போனோம். முன்னால் எட்டுப் பேர். கவுண்டரில் இருந்தவர் ஓய்வுக்கு நெருங்கிய மராத்திக்காரர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். படிவத்தை வாங்கும் முன் அவள் வாயைப் பார்த்தார். இந்தியில் கேட்டார்.

"விழுந்துட்டியா?"

"ஆமா சார். பாத்ரூம்ல."

"இந்த ஊர்ல எல்லா பாத்ரூமும் பொம்பளைங்களுக்கு மட்டும்தான் வழுக்குது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எங்கே அனுப்பணும்?"

அவர் அக்கறையாகத்தான் வேலை செய்தார். குறியீட்டை விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு எண்ணினார். கணினியில் அதை அடித்தபோது ஊர் பெயர் வந்தது, கூடவே 'பஜார் கிளை' என்றும் வந்தது. அதே ஊரில் இன்னொரு கிளையும் இருந்தது. பாஸ்புக்கில் இருப்பது எந்தக் கிளை என்று கேட்டார். நான் வெளியே போய் மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன். அட்டையில் முத்திரை மங்கலாக இருந்தது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துச் சொன்னார், பஜார் கிளைதான். பத்து நிமிடம் அதிலேயே போயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர், "மேடம், அமெரிக்காவுக்கா அனுப்பறீங்க?" என்றார்.

"கிளை தப்பா இருந்தாலும் சில சமயம் போய்ச் சேர்ந்துடும்" என்றார் கவுண்டர்க்காரர். "கணக்கு எண் தப்பா இருந்து அந்த எண்ணுல யாருமே இல்லேன்னா திரும்பி வந்துடும். ஆனா அந்த எண்ணுல வேற ஒருத்தன் இருந்தான்னா அவனுக்குப் போயிடும். பேரை நாங்க பொருத்திப் பார்க்கிறதில்லே. அந்தப் பக்கமும் பார்க்கிறதில்லே. எண்தான். அதனால ரெண்டு தடவை எழுதச் சொல்றோம்."

படிவத்தில் கணக்கு எண்ணுக்கு இரண்டு வரி இருந்தது. முதல் வரியை நான் எழுதியிருந்தேன். இரண்டாவதை அவளை எழுதச் சொன்னார். அவள் என் எழுத்தைப் பார்க்காமல், நான் காதோரம் சொல்லச் சொல்ல எழுதினாள். உதட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் படிவத்தின் ஓரத்தில் விழுந்தது. அவர் மை ஒற்றும் காகிதத்தை எடுத்து ஒற்றினார். இரண்டு வரிகளையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். ஐம்பத்தெட்டாயிரம். கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லி அவள் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு மணித் தொகுப்பில் போகும், இரண்டு மூன்று மணிக்குள் சேர்ந்துவிடும் என்று சொல்லி, பரிமாற்ற எண் எழுதிய அடிச்சீட்டைக் கொடுத்தார்.

அவளுடைய ஏடிஎம் அட்டையை முடக்கிவிட்டுப் பணத்தை அந்தக் கணக்கிலேயே விட்டுவைத்திருக்கலாம். ஒரே ஒரு விண்ணப்பம் போதும். அது எனக்குத் தோன்றவில்லை. கவுண்டர்க்காரருக்கும் தோன்றவில்லை. எங்கள் மூவரின் கவனமும் பதினோரு இடங்களிலும் பதினைந்து இலக்கங்களிலும் இருந்தது. அவை எல்லாமே சரியாக இருந்தன.

வீட்டுக்கு வந்து அவள் ஒரு பையில் நாலு புடவை வைத்தாள். பையை என் அறையில் வைத்தோம். ஆறு மணிக்கு மேல் வண்டி. அவன் ஆறரைக்கு வருவான். இரண்டரைக்கு அக்காவைக் கூப்பிட்டபோது, அவர் யாரையோ அனுப்பிப் புத்தகத்தில் பதிந்து வாங்கியிருந்தார். பணம் ஏறியிருந்தது. அவள் கீழே போய், வளாகத்தில் இட்லி விற்கும் அம்மாளுக்குத் தர வேண்டிய பழைய டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அவன் வந்தான்.

கிடங்கு உடுப்போடு, சட்டைப்பை புடைத்திருக்க, கையில் சக்கரம் கழற்றும் ஸ்பானரோடு வந்தான். இன்னொரு கையில் கைப்பேசி. நான் மாடி நடையில் நின்றிருந்தேன். அவன் ஓடி வரவில்லை. நடந்து வந்தான்.

"எழுந்திரு" என்றான்.

அவள் டப்பாவோடு எழுந்தாள். "இன்னா மாமா, ஜல்தி வந்துட்ட?"

"இது இன்னா?" கைப்பேசித் திரையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "இங்கிலீஷ்ல வந்திருக்கு. கிடங்கு குமாஸ்தாதான் படிச்சிச் சொன்னான். அம்பத்தெட்டாயிரம், உன் பேருல, என் புக்குல ஏறியிருக்குன்னு. என் புக்குலயே போட்டுட்டு என்கிட்டயே மறைக்கிறியா? அவ்ளோ மக்கா நானு?"

"அது அம்மா புக்கு."

"உங்கம்மாவுக்குக் கையெழுத்து போடத் தெரியுமாடி? மானேஜரு அன்னிக்கே சொல்லல, படிச்ச ஆளு ஒருத்தன் சேரணும்னு? நான்தான் சேந்தேன். அட்டை என்கிட்ட. மெசேஜு எனக்கு. அக்காவுக்கு ஏது போனு?"

ஆறு வருடத்துக்கு முன்பு, ஊர் வீட்டுக்கு ஓடு மாற்றப் பணம் அனுப்பியபோது அந்தக் கணக்கைத் திறந்திருக்கிறார்கள். அவளுடைய விதவை அம்மாவும் அவர் தம்பியான இவனும் சேர்ந்து. அம்மா கைரேகை வைத்தார். தம்பி கையெழுத்துப் போட்டான். அவன் சாட்சிக்குப் போட்டான் என்றே அவர் நினைத்திருந்தார். புத்தகத்தில் அம்மா பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது. அவளுக்குத் தெரியாது. அவளுடைய அக்காவுக்கும் தெரியாது. ஈ, ஓ ஆர், எஸ் என்பது ஒரு கூட்டுக் கணக்கை இயக்கும் முறையின் சுருக்கம்: இருவரில் எவரேனும், அல்லது உயிரோடிருப்பவர். இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் மற்றவரைக் கேட்காமல் முழுப் பணத்தையும் எடுக்கலாம். அக்கா எனக்கு அதைப் படித்தே காட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

முதல் அடி இடது முழங்கையின் மேல் விழுந்தது. டப்பா போன சத்தமும் எலும்பு போன சத்தமும் ஒன்றாகக் கேட்டன. இரண்டாவது தோளில். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதை அவன் பக்கவாட்டில் வீசினான். அது வலக் கண்ணும் கன்னமும் சேரும் இடத்தில் பட்டது. அவள் உட்கார்ந்தாள். நான்காவது முதுகில். அதற்குள் நான் கீழே போய்விட்டேன். ஐந்தாவதைத் தடுக்க ஸ்பானரைப் பிடித்தேன். என் மணிக்கட்டு போயிற்று. அவன் என்னைப் பார்த்து, "எழுதிக் குடுத்தது நீதானே பேப்பர்? எழுதுவியா? எழுதுவியா?" என்றான்.

முதலில் வந்தது இட்லிக்கார அம்மாள். கையில் இட்லிக் குண்டானின் மூடி. அதை அவன் பின்மண்டையில் இறக்கினார். "கட்டையில போறவனே, வுட்றா அவள!" என்று இறக்கினார், எடுத்து மறுபடி இறக்கினார். அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் லாரி ஓட்டுகிற மராத்திக்காரர் அவனைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். இரண்டு கொத்தனார்கள் காலைப் பிடித்தார்கள். துணிக்கொடிக் கம்பியால் மின்கம்பத்தில் கட்டினார்கள். இத்தனை வருடம் கதவுகளுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வெளியே வந்தார்கள்.

"கையில போடு, கையில! அந்தக் கைதானே?"

"அண்ணா, மொகத்த வுடு, போலீஸ் கேக்கும்."

"கேக்கட்டும். பாத்ரூம்ல வுழுந்தான்னு சொல்லு."

செருப்பு, பெல்ட், பிறகு செங்கல். ஒரு கொத்தனார் அவன் வலது கையைக் கம்பத்தில் வைத்துச் செங்கலால் மூன்று முறை அடித்தார். அவசரமில்லாமல், வேலை செய்கிறவர் அடிப்பதுபோல அடித்தார். சட்டைப்பை கிழிந்து நோட்டுகள் விழுந்தன. வரும் வழியில் ஏடிஎம்மில் மூன்று தடவையாக அன்றைய வரம்பு முழுக்க எடுத்திருந்தான்: இருபத்தைந்தாயிரம். நோட்டுகள் காலடியில் மிதிபட்டன. சில பேர் குனிந்து எடுத்தார்கள். எடுத்த எல்லோரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடி வாங்கும்போது அவன் "யக்கா, யக்கா" என்று அலறினான். அவன் கூப்பிட்டது அவளுடைய அம்மாவை.

அவளை ஆட்டோவில் இட்லிக்கார அம்மாள் மடியில் கிடத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்கை இரண்டு இடத்தில் முறிவு. கன்ன எலும்பு உள்ளே போயிருந்தது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, இமையைத் திறக்காமலேயே கட்டுப்போட்டார். என் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. அவள் முதலில் கேட்டது, "எவ்ளோ எடுத்துட்டான்?"

"இருபத்தஞ்சு."

"மிச்சம்?"

"முப்பத்திமூணு."

"நாளைக்கு அத எடுப்பான்."

காவல் சௌக்கிக்குப் போனேன். பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான், வலது கை துணியில் சுற்றி. ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்று வழக்குப் பதிந்தார்கள். மேசைமேல் அவன் உடம்பில் எடுத்த பொருட்கள்: கைப்பேசி, பர்ஸ், பதினெட்டாயிரம் ரொக்கம், இரண்டு ஏடிஎம் அட்டைகள். காவலர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பணம் அவளுடையது என்றேன், அடிச்சீட்டைக் காட்டினேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கணக்கு யார் பேர்ல?"

"ரெண்டு பேர்ல."

"அவனும் ஒரு ஆளா?"

"ஆமா."

"அப்போ தன் கணக்கிலேந்து தான் எடுத்திருக்கான் மேடம். அடிச்சது கேஸு. எடுத்தது கேஸு இல்லே. நீங்களே அங்க போட்டிருக்கீங்க."

"அட்டை?"

"ஜாமீன் கிடைக்கிற வரைக்கும் எங்க பீரோவுல இருக்கும். கிடைச்சதும் எல்லாத்தையும் கொடுத்துடணும்."

மறுநாள் காலை வங்கி பத்து மணிக்குத் திறக்கும். அம்மா நேரில் போய்க் கைரேகை வைத்தால் அவரும் முழுவதையும் எடுக்கலாம். அதே சுருக்கம் அவருக்கும் பொருந்தும். எட்டு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பேசும் முன்பே அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

"எந் தம்பியக் கம்பத்துல கட்டி அடிச்சீங்களாமே? இது உங்களுக்கு அடுக்குமா?"

"உங்க மகளுக்குக் கண்ணு போகப் போகுதும்மா."

"அவனை நான் தோள்ல தூக்கி வளத்தவ. அப்பனில்லாத புள்ள."

"பேங்குக்குப் போங்க. மிச்சத்த எடுத்துடுங்க."

"அவன் துட்ட நான் ஏன் எடுக்கணும்?"

"அவன் துட்டு இல்ல. அவ ஏழு வருஷம் கக்கூசு கழுவின துட்டு."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "யம்மா, நீ வர்றியா, இல்ல உன் கட்டைவிரல வெட்டி எடுத்துகினு நான் மட்டும் போவட்டுமா?" ஏதோ பாத்திரம் சுவரில் மோதியது. யார் எறிந்தது என்று தெரியாது. இணைப்பு அறுந்தது. அதன் பிறகு பத்தரை வரை அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் இடக்கையால் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் ஒற்றைக் கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்கு அக்கா கூப்பிட்டார். மூச்சிரைத்தது. "ஆச்சிங்க மேடம். முப்பத்திமூணாயிரம். மஞ்சப் பையில கீது. அது வெளியில திண்டு மேல உக்காந்து அழுவுது."

"எதுக்கு அழறாங்க?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பேருக்கும்தான் அழுவும்."

அன்று மாலை செய்தியாளர் பட்டியலில் இந்தச் சம்பவம் நாலு வரியாக வந்தது. இடமில்லாததால் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தது நானில்லை, நான் விடுப்பில் இருந்தேன்.

ஐந்தாம் நாள் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. பதினெட்டாயிரமும் இரண்டு அட்டைகளும் கைப்பேசியும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப்பட்டன. வலது கை கட்டிலிருந்ததால் இடது கையால் போட்டான் என்று காவலர் சொன்னார். பதினான்காம் நாள் அவள் ஊருக்கு வண்டியேறினாள். வலக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. டவுனில் ஒரு அறை எடுத்து, தையல் மிஷின் வாங்கினாள். பஜார் கிளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், கணக்கிலிருந்து அவன் பெயரை எடுக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தாள்.

பெயரை நீக்க அவனுடைய கையெழுத்தும் வேண்டும் என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.